நிகழ்வு ஆய்வு: ஓர் ஊறுகாய்ப் போத்தல், இரண்டு குறிப்புகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டிலேயே மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கும் ஓர் அக்கா. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு டிசைனர். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்று வந்த ஊறுகாயைத் தீபாவளிக்கு முன் லேபிள் ஒட்டி வெளியில் கொண்டுவர வேண்டும், அதற்கு ஓர் அறிமுகப் படம் வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட நெட்டுப் படம் ஒன்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அதைவிட உயரமான படம் ஒன்று. வேலை இவ்வளவுதான். இதற்காக எழுதப்பட்ட முதல் குறிப்பு எப்படிச் சறுக்கியது, இரண்டாம் குறிப்பு எதனால் நின்றது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். வீட்டிலிருந்து உணவு விற்கும் பலரும் இதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள் என்பதால் ஆட்களின் பெயர் வேண்டியதில்லை.

முதல் குறிப்பு ஒரே வாட்ஸ்அப் செய்தி:

"தம்பி வணக்கம். தீபாவளிக்கு நம்ம மாங்காய் ஊறுகாய வெளியாக்குறேன். ஒரு நல்ல படம் வேணும். பாரம்பரியமா இருக்கணும், அதே சமயம் மாடர்னாவும் இருக்கணும். போத்தல் பளபளன்னு, பார்த்ததும் நாக்குல எச்சி ஊறணும். பின்னாடி கோலம், குத்துவிளக்கு, பட்டுச்சேலை மாதிரி ஏதாவது போடுங்க. பினாங்குன்னும் தெரியணும். லேபிள் அனுப்பியிருக்கேன்."

இதில் அக்காவின் ஆசை முழுக்க இருக்கிறது. போத்தலின் உயரம் இல்லை, மூடியின் நிறம் இல்லை, லேபிள் எந்த இடத்தில் ஒட்டப்படும் என்பது இல்லை. டிசைனர் போத்தலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் இணையத்தில் கிடைத்த அறுகோணக் கண்ணாடிப் போத்தல் படம் ஒன்றை எடுத்து, லேபிளை அதன் தட்டையான முகத்தில் பொருத்தி, பின்னால் சிவப்புப் பட்டுத்துணியையும் குத்துவிளக்கையும் வைத்து மூன்று நாளில் அனுப்பிவிட்டார். வந்த படம் மோசமில்லை. ஆனால் அது வேறு யாரோ விற்கும் ஊறுகாய். அக்கா வாங்கி அடுக்கியிருந்தது உருண்டைப் போத்தல். அறுகோணப் போத்தலைப் பார்த்து ஆர்டர் கொடுப்பவர் கையில் உருண்டைப் போத்தல் வந்தால் "படத்துல இருக்கிறது இது இல்லையே" என்பார். சிவப்புப் பட்டின் முன் சிவப்பு ஊறுகாய் கரைந்துபோயிருந்தது. கண் முதலில் போனது குத்துவிளக்கின் சுடருக்கு. கீழே சிறிய எழுத்தில் "நல்லெண்ணெயில் ஊறியது" என்றிருந்த வரியில் கொம்பு இடம் மாறி நின்றது.

டிசைனரைக் குறை சொல்ல இதில் அதிகமில்லை. "பளபளன்னு" என்பதை ஆளாளுக்கு ஒரு மாதிரி படம் பிடிக்கலாம். அளவுகோலால் அளக்க முடியாததையும் கையால் சுட்டிக் காட்ட முடியாததையும் எழுதினால், அந்த வெற்றிடத்தை எதிர்ப்பக்கத்து ஆள் தன் ஊகத்தால்தான் நிரப்புவார். கடைசி வரியில் இருந்த கொம்புப் பிழை மட்டும் அவர் பக்கத்துக் கோளாறு. அதைப் பிறகு பார்ப்போம்.

போத்தல்

இரண்டாம் முறை அக்கா முதலில் செய்தது, போத்தலைச் சமையல் மேசையில் வைத்து ஒரு தையல் டேப்பால் அளந்தது. 300 மில்லி பிடிக்கும் உருண்டைக் கண்ணாடி. விட்டம் 72 மில்லிமீட்டர், மூடியோடு உயரம் 110. கழுத்து வளைவுக்கும் அடி வளைவுக்கும் நடுவில் நேராக நிற்கும் சுவர் 66 மில்லிமீட்டர். லேபிள் இந்த நேர்ச்சுவரில் மட்டுமே ஒட்ட முடியும். வளைவில் ஏறினால் ஓரம் சுருங்கி, நாலு நாளில் எழும்பிவிடும். மூடி தங்க நிறம். 200 மூடி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. ஆகவே மூடி கறுப்பாக இருந்தால் அழகாக இருக்குமே என்ற பேச்சுக்கே இடமில்லை. குறிப்பில் இந்த மாதிரி விஷயத்தை "மாற்ற முடியாது" என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் டிசைனர் நல்லெண்ணத்தோடு அதைத்தான் முதலில் மாற்றுவார்.

உள்ளே இருப்பதைப் பற்றிய பகுதியில்தான் பெரும்பாலான குறிப்புகள் ஊமையாகிவிடுகின்றன. உணவுப் படம் எடுத்துப் பழகியவர்கள் கண்ணாடிப் போத்தல் என்றதும் பின்னாலிருந்து விளக்கடிப்பார்கள். தேனுக்கு அது சரி. ஒளி தேனுக்குள் புகுந்து வெளியே வந்து பொன்னாய் ஜொலிக்கும். மாங்காய் ஊறுகாய் அப்படிப்பட்டதல்ல. மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும் மாங்காய்த் துண்டும் அடர்ந்து கிடக்கும் கலவைக்குள் ஒளி நுழையாது. பின்னொளி அடித்தால் போத்தலின் நடுப்பகுதி கறுத்த கட்டியாகத் தெரியும், ஓரத்தில் மட்டும் மெல்லிய செம்மை இருக்கும். பார்ப்பவருக்குத் தார் டின் ஞாபகம் வரும். ஊறுகாய்க்கு முக்கிய ஒளி பக்கவாட்டில், சற்று முன்னால் தள்ளி வர வேண்டும். அப்போதுதான் கண்ணாடியை ஒட்டி நிற்கும் துண்டுகளின் முகமும் பச்சைத் தோலும் தெரியும்.

பின்னொளி உதவும் ஒரே இடம் மேலே நிற்கும் எண்ணெய். நல்லெண்ணெய் மிளகாயின் நிறத்தை இழுத்துக்கொண்டு செம்பொன்னாக நிற்கும் அந்தப் பட்டைக்குள் மட்டும் ஒளி ஊடுருவும். போத்தலுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி, சின்ன வெள்ளை அட்டை ஒன்றை எண்ணெயின் உயரத்தில் சாய்த்து வைத்தால் அது விளக்கொளியைத் திருப்பி அந்தப் பட்டையை ஏற்றிவிடும். பளபளப்பு என்று அக்கா சொன்னது உண்மையில் இந்தப் பட்டையைத்தான். அவருக்கே அது இரண்டாம் முறை எழுதும்போதுதான் தெரிந்தது.

எண்ணெய் எவ்வளவு நிற்கும் என்பதும் நாளைப் பொறுத்தது. நிரப்பியவுடன் எடுத்தால் எண்ணெய் மசாலாவோடு கலங்கிக் கிடக்கும், கண்ணாடி ஓரத்தில் காற்றுக்குமிழிகள் வெளிறிய புள்ளிகளாகத் தெரியும். படத்தில் அவற்றைப் பூஞ்சை என்று நினைக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே முதல்நாள் நிரப்பி, சுத்தமான காய்ந்த மூங்கில் குச்சியைக் கண்ணாடியை ஒட்டி விட்டுக் குமிழிகளைக் கிளப்பிவிட்டு, ஒரு நாள் வைத்துப் படமெடுப்பது நல்லது. இரண்டு மூன்று நாள் கடந்தால் துண்டுகள் எண்ணெயைக் குடித்து மட்டம் இறங்கும். படத்துக்காக மட்டும் மேலே எண்ணெய் ஊற்றலாமா என்று டிசைனர் கேட்டார். விற்கும் போத்தலிலும் அதே மட்டம் இருக்குமானால் ஊற்றலாம். இல்லையென்றால் படம் பொய் சொல்கிறது. அக்கா எல்லாப் போத்தலிலும் எண்ணெய் 6 மில்லிமீட்டர் நிற்கும்படி மறுநாள் சரிபார்த்து மூடுவது என்று வைத்துக்கொண்டார். படத்துக்குச் சரியான அளவு கடைசியில் சமையலறைக்கும் அளவாகிவிட்டது.

மாங்கொட்டையின் வெள்ளை ஓடு ஒட்டிய துண்டுகளும் பூஞ்சை மாதிரியே ஏமாற்றும். அவை நல்ல துண்டுகள்தான், சாப்பிடுகிறவருக்குத் தெரியும். ஆனால் படமெடுக்கும் போத்தலில் மட்டும் அவற்றைக் கண்ணாடியை ஒட்டி நிற்காமல் உள்ளே தள்ளிவிடலாம்.

லேபிள்

பழைய லேபிளில் "மாங்காய் ஊறுகாய்" ஒரே வரியில் 92 மில்லிமீட்டருக்கு ஓடியது. தட்டையான தாளில் பார்க்க அழகுதான். 72 மில்லிமீட்டர் விட்டமுள்ள போத்தலின் சுற்றளவு 226 மில்லிமீட்டர். நேரே நின்று பார்ப்பவருக்கு அதில் பாதி தெரியும் என்று கணக்குப் போடலாம். ஆனால் ஓரத்துக்குப் போகப்போக எழுத்து நசுங்கும். நடுவிலிருந்து 45 பாகை திரும்பிய இடத்தில் எழுத்தின் அகலம் பத்துக்கு ஏழாகிவிடும், 60 பாகையில் பாதியாகிவிடும். 92 மில்லிமீட்டர் வரி இருபுறமும் 73 பாகை வரை போகிறது. அங்கே பத்தில் மூன்று பங்குதான் மிச்சம். முதல் எழுத்தான "மா"வும் கடைசி "ய்"யும் கோடாய்ச் சுருங்கிவிடும். அறுகோணப் போத்தலின் தட்டை முகத்தில் பொருத்தியதால்தான் முதல் படத்தில் இது தெரியவில்லை.

ஆகவே பெயர் 56 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அது இருபுறமும் 45 பாகை. ஒரே வரியில் அடக்கினால் எழுத்து சிறுத்துவிடும். "மாங்காய்" மேலே, "ஊறுகாய்" கீழே என்று இரண்டு வரியாக்கினார்கள். எழுத்து உயரம் 7 மில்லிமீட்டர் கிடைத்தது. இது கைப்பேசியில் போதுமா? அறிமுகப் படத்தின் அகலம் 1080 பிக்சல், உயரம் 1350. போத்தல் அந்த அகலத்தில் 45 விழுக்காடு என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 7 பிக்சல் வருகிறது. 7 மில்லிமீட்டர் எழுத்து ஏறத்தாழ 47 பிக்சல், கைப்பேசித் திரையில் 3 மில்லிமீட்டர். தாராளமாகப் படிக்கலாம். அதே கணக்கில் 2.5 மில்லிமீட்டரில் அச்சான நிகர எடை திரையில் ஒரு மில்லிமீட்டர்தான், யாருக்கும் தெரியாது. அதைப் பெரிதாக்கச் சொல்லி லேபிளைக் கெடுக்க வேண்டியதில்லை. எடையையும் விலையையும் பதிவின் எழுத்தில் சொல்லிவிடலாம்.

லேபிளின் உயரம் 42 மில்லிமீட்டர், நீளம் 200. உயரத்தை வேண்டுமென்றே குறைத்தார்கள். நேர்ச்சுவர் 66 என்பதால் லேபிளுக்கு மேலே 24 மில்லிமீட்டர் கண்ணாடி திறந்து கிடக்கிறது. துண்டும் எண்ணெய்ப் பட்டையும் அந்த இடத்தில்தான் தெரியும். சுவர் முழுக்க லேபிளால் மூடிவிட்டு உள்ளே இருப்பது தெரியணும் என்று கேட்பது அடிக்கடி நடக்கும் முரண். பின்பக்கம் 26 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சுகிறது. படமெடுக்கும் போத்தலுக்கு மட்டும் லேபிளின் முன்பகுதி 110 மில்லிமீட்டரை வெட்டி ஒட்டினால் போதும். பின்னால் கண்ணாடி முழுவதும் திறந்திருப்பதால் வெள்ளை அட்டையின் ஒளிக்குத் தடை இருக்காது. முன்னாலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

தாள் விஷயம் சுருக்கமானது. இங்கே அச்சகங்களில் மலிவாகக் கிடைப்பது மிரர்கோட் ஸ்டிக்கர். அது காகிதம். ஊறுகாய்க்காரர் கையில் எண்ணெய் இல்லாமல் இருக்காது. எண்ணெய் பட்ட இடம் அப்பளம் பொரித்த தாள் மாதிரி ஊடுருவித் தெரியும். செயற்கை வெள்ளை ஸ்டிக்கரும் அதன்மேல் மேட் லேமினேஷனும் சற்று விலை கூடினாலும் எண்ணெயைத் துடைத்துவிடலாம். மேட் என்பதற்குப் படமெடுக்கும் காரணமும் உண்டு. பளபளப்பான லேமினேஷன் ஜன்னல் வெளிச்சத்தை அப்படியே பிரதிபலித்துப் பெயரின் நடுவில் வெள்ளைக் கோடு போடும்.

இனித் தமிழ் எழுத்து. நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. டிசைனர் தமிழ் படிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் "நல்லெண்ணெயில்" என்ற சொல் உடைந்தது. போட்டோஷாப்பில் எழுத்து அமைக்கும் முறை `World-Ready Layout` என்று இல்லாவிட்டால், பழைய பதிப்புகளில் கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இல்லஸ்டிரேட்டரில் இதே வேலையை `Middle Eastern & South Asian Every-line Composer` செய்கிறது. "மாங்காய் ஊறுகாய்" என்ற சொற்களில் கொம்பே இல்லாததால் தலைப்பு சரியாக வந்து, சின்ன வரி மட்டும் உடைந்தது. பெரிய எழுத்தை மட்டும் சரிபார்த்தால் தவறு கண்ணில் படாது. சோதனைக்கு "நல்லெண்ணெய்" மாதிரிச் சொல்லைத் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டு கொம்பு, மூன்று புள்ளி, எல்லாம் அதில் இருக்கிறது.

இன்னொன்று "ஊ". விசைப்பலகை பழகாதவர்கள் "உ" போட்டுப் பக்கத்தில் "ள" போட்டுவிடுவார்கள். பார்க்க ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். உற்றுப் பார்த்தால் வலப்பக்க எழுத்து முழு உயரத்தில் தனியாக நிற்கும். சரியான எழுத்து ஒரே குறி, `U+0B8A`. தவறானது `U+0B89`, `U+0BB3` என்று இரண்டு. நம்பிக்கையில்லாவிட்டால் பின்னழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தலாம். "ஊ" முழுவதும் மறைந்தால் சரி, "உ" மிஞ்சினால் தவறு.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டி மாடர்னாக்கும் வழக்கம் ரோமன் எழுத்துக்குப் பொருந்தும். தமிழில் "கா" என்பதன் கால் தள்ளிப்போய்த் தனி எழுத்தாக நிற்க ஆரம்பிக்கும். ஆகவே இடைவெளி 0. வரிகளுக்கு நடுவேயும் கவனம் வேண்டும். "ஊறுகாய்" என்பதில் "று"வின் வால் கீழே இறங்குகிறது, அதன் கீழே வரும் மலாய் வரியில் முட்டும். எழுத்துருவுக்கு `Noto Serif Tamil` எடுத்தார்கள். விலையில்லாதது, வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், தடித்த வடிவமும் உண்டு. அச்சகத்துக்கு லேபிளை அனுப்பும்போது எழுத்துகளை வரைகோடாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்ப வேண்டும். அங்கே யாரும் திரும்பத் தட்டெழுதும் நிலை வரவே கூடாது.

மலாய் வரி அலங்காரத்துக்கு வந்ததல்ல. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி இங்கே தயாரித்துப் பொதியிடும் உணவின் லேபிள் மலாயில் இருக்க வேண்டும், மற்ற மொழிகளைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே முன்முகத்தில் தமிழ்ப்பெயருக்குக் கீழே "ஜெருக் மங்கா", பக்கத்தில் சேர்மானம், நிகர எடை, தயாரிப்பவர் முகவரி, காலாவதி நாள் எல்லாம் மலாயில். ஹலால் முத்திரையைப் பொறுத்தவரை கதை இன்னும் சுருக்கம். ஜாக்கிமிடமோ மாநில இஸ்லாமிய சமய மன்றத்திடமோ சான்றிதழ் பெறாமல் அதை லேபிளிலும் போடக்கூடாது, படத்தின் மூலையிலும் போடக்கூடாது. சைவம்தானே என்ற வாதம் இங்கே எடுபடாது.

பின்புலம்

அக்காவின் ஆசை இரண்டு: பாரம்பரியம், பினாங்கு. முதல் படத்தில் பாரம்பரியம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து ஊறுகாயை மிதித்துவிட்டது. சிவப்பு ஊறுகாய்க்குப் பின்னால் சிவப்பு, மெரூன், பழுப்பு எதுவும் உதவாது. கண்ணாடியின் ஓரம் எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும்.

அடுத்து வாழையிலை. நம் வீட்டுச் சாப்பாட்டுப் படம் எதற்கும் கை தானாக அதைத் தேடும். சோதனைக்கு டிசைனர் ஒரு போத்தலை இலையின் மேல் வைத்து எடுத்துப் பார்த்தார். இலையின் பச்சை கண்ணாடியின் அடிப்பாகத்தில் பிரதிபலித்து ஊறுகாயின் கீழ்ப்பகுதி பச்சை பூத்தமாதிரி ஆனது. மற்ற உணவுக்கு அது அழகு, ஊறுகாய்க்கு அது கெட்டுப்போன அடையாளம். இலை வேண்டுமென்றால் போத்தலிலிருந்து ஒரு சாண் தள்ளி, பின்னால் மங்கலாக இருக்கலாம். அடியில் கூடாது.

பினாங்கு என்றதும் பூவேலைத் தரை ஓடுகளைப் போடலாம் என்றார் டிசைனர். அந்த ஓடுகளில் நாலைந்து நிறமும் கோணங்களும் இருக்கும். 42 மில்லிமீட்டர் லேபிளோடு அவை போட்டி போடும். அக்கா சொன்ன யோசனை இன்னும் நல்லது: ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புச் சுவர். லெய்த் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ஸே மாளிகையின் நீலம் எல்லாருக்கும் தெரியும். ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம், பக்கத்தில் நீலம் இருந்தால் ஊறுகாயின் செம்மை கூடித் தெரியும். ஆனால் அந்த மாளிகையின் நீலம் அப்படியே வேண்டாம், அது போத்தலை விழுங்கிவிடும். வெயில் குடித்து வெளுத்த, சாம்பல் கலந்த நீலம் போதும். திரையில் ஏறத்தாழ `#8FA3AD`. ஒரு பலகையில் சுவர்ச்சுண்ணாம்புப் பூச்சைத் தூரிகைத் தடம் தெரியப் பூசி, போத்தலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் நிறுத்தினார்கள். கிட்டே வைத்தால் தங்க மூடியில் நீலம் ஏறிப் பித்தளை ஈயமாகத் தெரியும்.

போத்தல் நிற்கும் தளத்துக்குச் சாயம் போன மரப்பலகை. பக்கத்தில் வெட்டாத பச்சை மாங்காய் ஒன்று, வெட்டிய கீற்று இரண்டு. மாங்காய் அளவுகோலாகவும் உதவும், போத்தல் கையளவா முழங்கையளவா என்று பார்ப்பவருக்குப் பிடிபடும். குத்துவிளக்கு போனது. தீபாவளி என்பதை எழுத்தில் சொல்லிக்கொள்ளலாம். படத்தில் விளக்கு இல்லாததால் பண்டிகை முடிந்த பிறகும் அதே படத்தை வைத்துக்கொள்ள முடியும்.

இரண்டாம் குறிப்பு

இவ்வளவு பேச்சும் கடைசியில் சுருங்கி இப்படி ஆனது. இதை எழுதி முடிக்க அக்காவுக்கு ஒரு மாலை நேரம் பிடித்தது:

"தம்பி, முதல் படம் சரியா வராததுக்கு நான் எழுதின விதமும் காரணம். இப்ப விவரமா எழுதுறேன்.

மாத்த முடியாதது: உருண்டைப் போத்தல், விட்டம் 72 மி.மீ., உயரம் 110. தங்க நிற மூடி. லேபிள் 200க்கு 42, அடி வளைவு முடியுற இடத்துல இருந்து ஒட்டணும். மேலே 24 மி.மீ. கண்ணாடி தெரியணும். லேபிள் எழுத்துல ஒரு புள்ளி கூட மாறக்கூடாது. பிடிஎஃப் அனுப்பியிருக்கேன், அதைத்தான் பயன்படுத்தணும், திரும்ப டைப் பண்ண வேணாம்.

கட்டாயம் தெரிய வேண்டியது, இந்த வரிசையில: முதல்ல 'மாங்காய் ஊறுகாய்'ங்கிற பெயர். ரெண்டாவது, மேலே நிக்கிற எண்ணெய், அது செம்பொன் நிறமா ஒளிரணும். மூணாவது, பச்சைத் தோலோட ரெண்டு மூணு துண்டு கண்ணாடி ஓரத்துல. மத்தது எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

போத்தல் மூணு அனுப்புறேன். லேபிள் ஒட்டாம தனியா வச்சிருக்கேன், வழியில எண்ணெய் கசிஞ்சா வீணாகிடும். வந்ததும் துடைச்சு, நிமிர்த்தி ஒரு நாள் வச்சிட்டு ஒட்டுங்க. முன்பக்கம் 110 மி.மீ. மட்டும் போதும்.

கேமரா லேபிளோட மேல் விளிம்பு உயரத்துல, ஒரு மீட்டர் தள்ளி. வெளிச்சம் இடது பக்கத்து ஜன்னல்ல இருந்து. கண்ணாடியில ஜன்னல் ஒரே ஒரு நீளக் கோடா இடது ஓரத்துல விழலாம், லேபிள் மேல விழக்கூடாது. படம் எடுக்குற ஆளோட நிழல் கண்ணாடியில தெரியக் கூடாது.

பின்னாடி சாம்பல் நீலச் சுவர், கீழே பழைய மரம், பக்கத்துல மாங்காய். சிவப்பு வேணாம், விளக்கு வேணாம், போத்தலுக்கு அடியில இலை வேணாம். ஹலால் முத்திரை எங்கேயும் போட வேணாம், நம்மகிட்ட சான்றிதழ் இல்ல.

உங்க விருப்பத்துக்கு விடுறது: போத்தல் நடுவுலயா ஓரமாவா, மாங்காய் எந்தப் பக்கம், மரம் எந்த மரம், படத்து மேல வர்ற எழுத்தோட அமைப்பு.

1080க்கு 1350 ஒண்ணு, 1080க்கு 1920 ஒண்ணு. ஒரே படத்துல இருந்து ரெண்டும் வர்ற மாதிரி மேலயும் கீழயும் சுவரை அதிகமா விட்டு எடுங்க. முடிச்சதும் வாட்ஸ்அப்ல படமா அனுப்பாம டாக்குமென்டா அனுப்புங்க. ரெண்டு தடவை திருத்தம் கேட்பேன், அதுக்கு மேல கேட்டா தனிக் காசு."

"உங்க விருப்பத்துக்கு விடுறது" என்ற பத்தி கவனிக்கத்தக்கது. எல்லாவற்றையும் கட்டிப்போட்டால் டிசைனருக்கு வேலை பார்க்கும் மனம் போய்விடும். எதையும் கட்டாவிட்டால் அறுகோணப் போத்தல் வரும். கேமரா உயரத்தைச் சொன்னதும் டிசைனரின் வேலைக்குள் மூக்கை நுழைப்பதாகத் தோன்றலாம். ஆனால் அது லேபிள் எப்படி வளைந்து தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த உயரத்தில் லேபிளின் மேல் விளிம்பு நேர்கோடாகவும், கீழ் விளிம்பு நடுவில் மெல்லக் கீழே தொய்ந்தும் இருக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் அந்தத் தொய்வு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கணினியில் லேபிளை ஒட்டிப் போட்ட படமா, நிஜமாக எடுத்ததா என்பதை இந்த வளைவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். போலியில் இரண்டு விளிம்பும் ஒரே அளவு வளையும், அல்லது இரண்டுமே நேராக நிற்கும்.

பிறகும் தவறியவை

மூன்று போத்தலில் இரண்டு வழியில் கசிந்தன. லேபிளைத் தனியாக அனுப்பியது காப்பாற்றியது. கசிந்ததற்குக் காரணம் மூடி இறுக்கம் போதாதது அல்ல. நிரப்பும்போது போத்தலின் வாய் விளிம்பில் ஒட்டிய மசாலாத் துணுக்கு மூடியின் உள்வளையத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. விளிம்பைக் காய்ந்த துணியால் துடைத்த பிறகே மூடுவது என்பது அன்றோடு வாடிக்கையாளர்களுக்குப் போகும் போத்தலுக்கும் விதியானது.

முதல் எடுப்பில் மூடியின் மேல் கூரை விசிறியின் மூன்று இறகும் தெளிவாகத் தெரிந்தன. தங்க மூடி கண்ணாடிக்குச் சமம். போத்தலுக்கு ஒன்றரை அடி மேலே வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்ததும் மூடி ஒரே சீரான தங்கமானது. இதைக் குறிப்பில் எழுதத் தவறியிருந்தார்கள். டிசைனரே பார்த்துச் சரிசெய்தார்.

ஸ்டேட்டஸ் படத்தில் "தீபாவளி முன்பதிவு" என்ற வரியை டிசைனர் உச்சியில் ஒட்டி வைத்திருந்தார். கைப்பேசியில் அந்த இடத்தில் அனுப்பியவர் பெயரும் நேரக்கோடும் வந்து மூடிக்கொண்டன. மேலும் கீழும் 250 பிக்சலாவது வெறும் சுவராக விட்டு வரியைக் கீழே இறக்கினார்கள். சுவரை அதிகமாக விட்டு எடுத்திருந்ததால் படத்தை மறுபடி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசிச் சோதனையை அக்கா தன் அம்மாவிடம் நடத்தினார். கைப்பேசியை ஒரு கை தூரத்தில் பிடித்து, மூன்று விநாடி காட்டி மறைத்துவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். "மாங்கா ஊறுகா. எண்ணெய் நல்லா நிக்குது" என்றார் அம்மா. பின்னால் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, "செவுரு" என்றார்.